கொத்தனாரின் கைப்பேசி: பதினான்கு மாதத்தில் மூன்று முறை உடைந்த திரை

நாங்கள் மதுரைப் புறநகரில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறோம். கட்டட வேலைக்காரர்கள் அதிகம் வரும் கடை. அப்படி வந்த கொத்தனார் ஒருவரின் போன் திரும்பத் திரும்ப ஏன் உடைந்தது, அதற்கு நாங்கள் என்ன முடிவெடுத்தோம், அதில் எது சரியாக வந்தது, எது தவறியது என்பதே இந்தப் பதிவு. தவறியதில் எங்கள் கையால் நடந்ததும் உண்டு.

பின்னணி

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கட்டுவேலை, பூச்சுவேலை இரண்டும் பார்ப்பவர். 2022 அக்டோபரில் 16,500 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினார். அமோலெட் திரை, அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் முதுகு. முன் கண்ணாடி கொரில்லா கிளாஸ் 5. கண்ணாடியின் பெயரைச் சொல்லித்தான் விற்பனையாளர் அந்த மாடலை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

2023 பிப்ரவரியில் முதல் உடைப்பு. சாரத்திலிருந்து இறங்கும்போது சட்டைப்பையிலிருந்து நழுவி, தளம் போட்ட கான்கிரீட்டில் மூலை பட விழுந்தது. கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒன்றாக ஒட்டி வரும் திரைத் தொகுப்புக்குக் காம்போ என்று பெயர். கம்பெனி காம்போவே போட்டுக் கொடுத்தோம், 5,800 ரூபாய். ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை போன் விழவே இல்லை, பையில் இருந்தபடியே விரிந்துவிட்டது என்றார். நாங்கள் அதை முழுதாக நம்பவில்லை. உட்காரும்போது அழுந்தியிருக்கும் என்று முடிவுகட்டி, 3,200 ரூபாய்க்குக் காப்பி காம்போ மாட்டினோம். அவருடைய ஒன்பது நாள் கூலி அதோடு திரைக்கே போயிருந்தது.

2023 நவம்பர் இறுதியில் மூன்றாவது உடைப்பு. சுவர் மேல் பாட்டு ஓடவிட்டு வைத்திருந்த போன் ஜல்லிக் குவியலில் குப்புற விழுந்திருக்கிறது.

"தம்பி, நல்ல கண்ணாடின்னுதானே சொல்லிக் குடுத்தாய்ங்க? எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மூன்று உடைப்பையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். திரை மாற்றும் முன் படம் எடுத்து வைக்கும் வழக்கம் இருந்ததால் பழைய இரண்டின் படங்களும் கைவசம் இருந்தன.

விரிசல் எங்கே தொடங்கியது

உடைந்த கண்ணாடியில் கோடுகள் எங்கும் ஓடினாலும், அவை எல்லாம் ஓரிடத்திலிருந்துதான் கிளம்பும். கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அவை ஒன்றுகூடும் புள்ளி கிடைக்கும். அந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். கண்ணாடி மாவாக நொறுங்கி வெள்ளையாக இருந்தால் கூர்மையான ஏதோ ஒன்று நேராகக் குத்தியிருக்கிறது என்று பொருள். நொறுங்கல் இல்லாமல் சுத்தமான ஒற்றைக் கோடாகத் தொடங்கினால் வளைவோ ஓர அழுத்தமோ காரணம்.

முதல் உடைப்பு இடது கீழ்மூலையில் தொடங்கியிருந்தது. அலுமினியச் சட்டம் அதே இடத்தில் நசுங்கியிருந்தது. இரண்டாவதும் அதே மூலையில்தான் தொடங்கியிருந்தது, ஆனால் நொறுங்கல் இல்லை. மூன்றாவது திரையின் நடுவில் வெள்ளைப் புள்ளியோடு தொடங்கியிருந்தது. அந்தப் புள்ளியின் வழியாகவே ஒரு பழைய கீறலும் ஓடியது.

மூன்றாவது முறை திரையைக் கழற்றியபோது இரண்டாவது உடைப்பின் காரணமும் தெரிந்தது. பிப்ரவரியில் நசுங்கிய மூலை நிமிர்த்தப்படாமல் அப்படியே உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலை வைத்துத் தேய்த்தால்தான் மேடு தட்டுப்படும். அந்தச் சட்டத்தில் புதுத் திரையை அழுத்தி ஒட்டினால் அதன் ஓரம் முதல் நாளிலிருந்தே சட்டத்தின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப்பின் அவர் குனிந்து நிமிரும் சாதாரண அசைவே அதை விரிக்கப் போதும். விழவே இல்லை என்று அவர் சொன்னது உண்மை. பிழை எங்கள் மேசையில் நடந்தது. அதை அவரிடம் சொன்னோம்.

அந்த இடத்தில் கண்ணாடி ஏன் தாங்கவில்லை

கைப்பேசிக் கண்ணாடி வலுவாவது அதன் தோலால். உருக்கிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை முக்கி வைக்கும்போது மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றின் இடத்தில் அளவில் பெரிய பொட்டாசியம் அயனிகள் வந்து நெருக்கியடித்து உட்காரும். அதனால் மேற்பரப்பு எப்போதும் இறுக்கத்தில் இருக்கும். விரிசல் ஒன்று தொடங்க வேண்டுமானால் முதலில் அந்த இறுக்கத்தை வெல்ல வேண்டும். ஆனால் இறுகிய தோலின் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குள்தான். கீறலோ கூரான கல்லோ அந்த ஆழத்தைக் கடந்துவிட்டால் அந்த இடத்தில் வலு கிடையாது. அடுத்த அடி அங்கிருந்தே பிளக்கும்.

கட்டட வேலை இடத்தில் அந்த ஆழத்தைக் கடக்கும் பொருள் காலடி எங்கும் கிடக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் கைப்பேசிக் கண்ணாடி ஏறத்தாழ 6, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. எம்-சாண்ட் என்பது உடைத்த கருங்கல், அதிலும் குவார்ட்ஸ் உண்டு. உடைபட்ட கல்லானதால் ஆற்று மணலைப் போல உருண்டு தேயாமல் முனை கூராகவே இருக்கும். சாவியும் காசும் கண்ணாடியைக் கீறும் என்று பலர் பயப்படுகிறார்கள். அவை பெரும்பாலும் கண்ணாடியைவிட மென்மையானவை. சட்டைப்பையின் அடியில் சேர்ந்த நான்கு மணல் பருக்கைகளே கீறுகின்றன. இந்தப் போனைக் கடை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது மேல் பாதி முழுக்க நுண்கீறல்கள் தெரிந்தன. அது பைக்குள் துணியோடு உரசும் பக்கம்.

கண்ணாடியின் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கொரில்லா கிளாஸ் 5 வெளியான 2016-இல் அதைத் தயாரிக்கும் கார்னிங் நிறுவனம், 1.6 மீட்டர் உயரத்திலிருந்து கடினமான, சொரசொரப்பான தளத்தில் விழுந்தாலும் 80 விழுக்காடு வரை பிழைக்கும் என்றது. ஐந்தில் ஒன்றாவது உடையும் என்பதும் அதே கூற்றுதான். சோதிக்கப்பட்டவை கீறலில்லாத புதுக் கண்ணாடிகள். 2022-இல் கொரில்லா கிளாஸ் விக்டஸ் 2 வந்தபோது அதே நிறுவனம் ஒரே கண்ணாடிக்கு இரண்டு உயரங்களைக் கொடுத்தது. தார்ச்சாலை போன்ற தளத்தில் 2 மீட்டர், கான்கிரீட் போன்ற தளத்தில் 1 மீட்டர். விழும் இடம் மாறியதுமே தாங்கும் உயரம் பாதியாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை போன் வாங்குபவர் அறிய வேண்டிய முதல் செய்தி இதுதான், விற்பனையாளர் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயர்பெற்ற கண்ணாடி இருக்கும் என்று நம்பக்கூடியது போனோடு வரும் திரையிலும் கம்பெனி காம்போவிலும் மட்டும். காப்பி காம்போவில் என்ன கண்ணாடி இருக்கிறது என்று எங்களுக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகூட உறுதி தர மாட்டார். காப்பி காம்போ மாட்டிய நாளிலிருந்து அவர் கையில் இருந்தது கொரில்லா கிளாஸ் போன் அல்ல.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

மூன்றாவது முறையும் அதே போனைச் சரிசெய்து வேலைக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தோம். அவருக்கு வேறு போன், பழைய போன் வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு. அதன் மூலையை நிமிர்த்தி, எங்களுக்கு அடக்கமான 2,400 ரூபாய்க்கே திரை போட்டுத் தந்தோம். அவர் போன முறை கொடுத்த 3,200-ஐத் திருப்பித் தந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

விக்டஸ் போட்ட போனாகப் பார்த்து வாங்கிவிடலாமா என்று அவர் கேட்டார். அந்தக் கண்ணாடி போட்டு வரும் போன்களில் பெரும்பாலும் பின்பக்கமும் கண்ணாடியாக இருக்கும், திரை உடைந்தால் ஏழெட்டாயிரம் ஆகும். வேலை இடத்தில் எந்தக் கண்ணாடியும் ஒருநாள் உடையும் என்று வைத்துக்கொண்டு, உடையும்போது ஆகும் செலவைக் குறைப்பதே அவருக்குப் பொருந்தும் என்றேன். கடைசியில் 9,800 ரூபாய்க்கு எல்சிடி திரை, பிளாஸ்டிக் சட்டம், பிளாஸ்டிக் முதுகு, ஓரம் வளையாத தட்டைத் திரை கொண்ட ஒரு போனைத் தேர்ந்தெடுத்தோம். கண்ணாடி பழைய கொரில்லா கிளாஸ் 3. வாங்கும் முன்பே அதன் காம்போ விலையை மொத்தக் கடையில் கேட்டுக்கொண்டோம், 1,450 ரூபாய்.

பிளாஸ்டிக் சட்டம் என்றதும் அவர் முகம் மாறியது. இரும்பு மாதிரி இருந்தால்தானே தாங்கும் என்றார். அலுமினியம் அடியை வாங்கினால் நசுங்கும், நசுங்கியது திரும்பாது. இந்தப் போனில் நடந்தது அதுதான். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சட்டம் அடிபடும் கணத்தில் உள்வாங்கி மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும், அடியின் ஒரு பகுதியைத் தானே செரித்துக்கொள்ளும். அதற்கும் குறை உண்டு. போன் முழுவதும் எளிதாக முறுகும், ஆகவே பின்பையில் வைத்து உட்காரக் கூடாது. உலோகச் சட்டம் அப்படிப்பட்ட வளைவைத் தடுக்கும். எந்தச் சட்டம் என்று பெட்டியில் எழுதியிருக்காவிட்டால் ஓரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். உலோகச் சட்டத்தில் சிக்னல் போவதற்காக மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் குறுக்கே விட்டிருப்பார்கள். தொட்டால் சில்லென்றும் இருக்கும்.

ராணுவத் தரம் என்று எழுதிய முரட்டுப் போன் ஒன்றையும் அவர் கேட்டுப் பார்த்தார். அந்தச் சோதனையில் வழக்கமாகச் செய்வது 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுவது. அந்த 26 முறையை ஐந்து போன்களுக்குப் பிரித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பல சமயம் விழும் தளம் கான்கிரீட்டின் மேல் விரித்த ஒட்டுப்பலகை. ஜல்லிக் குவியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த வகைப் போன்களில் நல்லவை இருக்கின்றன, திரையைவிட உயர்ந்து நிற்கும் தடித்த ரப்பர் ஓரத்துக்காகவே வாங்கலாம். ஆனால் அவற்றின் காம்போ எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. அதனால் வேண்டாம் என்றோம்.

மிச்சமிருந்தது பவுச்சும் டெம்பர் கிளாஸும். பவுச்சின் ஓரம் திரையைவிட எவ்வளவு உயரம் என்பதை ஏடிஎம் கார்டு வைத்துப் பார்த்தோம். பவுச் போட்ட போனின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்காக வைத்து, ஸ்கேலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் கார்டை நுழைக்க வேண்டும். கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். டெம்பர் கிளாஸ் ஒட்டியபிறகும் கார்டு நுழைந்தால் ஓரம் போதும். கடையில் இருந்த ஆறு பவுச்சில் இரண்டுதான் தேறின.

சமமான தரையில் விழுந்தால் அந்த ஓரமே திரையைக் காப்பாற்றிவிடும். ஜல்லியில் அப்படியில்லை, கல் ஓரத்தைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு வரும். அங்கே முதல் குத்தை வாங்குவது டெம்பர் கிளாஸ்தான். அதன் அட்டையில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் முனையால் அளக்கும் கடினத்தன்மை, மோஸ் அளவு அல்ல. மணல் அதையும் கீறும். கீறட்டும், நூறு ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் பயன். ஓரத்தில் சில்லு தெறித்தாலோ நடுவில் கீறல் நகத்தில் தட்டினாலோ உடனே வந்து மாற்றச் சொன்னோம்.

அதன்பின் நடந்தது

2023 டிசம்பர் முதல் பத்து மாதத்தில் போன் எட்டு ஒன்பது முறை விழுந்ததாகச் சொன்னார். பெரும்பாலும் சாந்துச் சட்டிக்குக் குனியும்போது சட்டைப்பையிலிருந்து நழுவியதுதான். டெம்பர் கிளாஸ் நான்கு முறை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் பழையதை உரித்து அடியில் உள்ள கண்ணாடியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். மூன்று முறை கீறலே இல்லை. ஒரு முறை மட்டும் டெம்பரின் ஓரம் தூக்கிக்கொண்டதில் மணல் உள்ளே போய், கீழ் விளிம்பில் சின்னதாக இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. பவுச் கோடையில் மஞ்சளித்து விறைத்து ஒரு மூலை கிழிந்தது, அதையும் மாற்றினோம்.

2024 செப்டம்பரில் முதல் மாடிச் சாரத்திலிருந்து போன் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும், கீழே முக்கால் இஞ்ச் ஜல்லி. கீழ் விளிம்பில் கண்ணாடி விரிந்தது. டச் வேலை செய்தது, அவர் இரண்டு வாரம் அப்படியே பயன்படுத்திவிட்டு வந்தார். விரிசலின் தொடக்கம் டெம்பர் கிளாஸ் மூடாமல் விட்ட ஒரு மில்லிமீட்டர் விளிம்பில், அந்தப் பழைய கோடுகளில் ஒன்றின் நுனியில் இருந்தது. சட்டத்தில் நசுங்கல் இல்லை. 1,450 ரூபாய்க்குப் புதுக் காம்போ எந்தச் சிரமமும் இல்லாமல் உட்கார்ந்தது. டெம்பர், பவுச், காம்போ எல்லாம் சேர்த்து அந்தப் பத்து மாதச் செலவு 2,300 ரூபாய்க்குள்.

குறையும் இருந்தது. எல்சிடி திரை மதிய வெயிலில் சரியாகத் தெரியவில்லை. ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் போனைப் பிடிக்க வேண்டியிருந்தது, அதிலேயே இரண்டு முறை நழுவியது என்றார். தேர்வு செய்யும்போது இதை நான் யோசிக்கவில்லை. கடைக்குள் விளக்கடியில் பார்த்தே முடிவெடுத்திருந்தேன்.

மகளிடம் போன பழைய போன்

மூன்று முறை உடைந்த அதே போன், காப்பிக் கண்ணாடியோடு, மகளின் கையில் இந்தப் பத்து மாதமும் உடையவில்லை. விழாமல் இல்லை. கட்டிலிலிருந்தும் படிக்கும் மேசையிலிருந்தும் அப்பாவின் போனைவிட அதிகமாகவே விழுந்திருக்கிறது என்று அம்மா சொன்னார். உயரம் ஒன்றரை, இரண்டு அடி. விழுந்த இடம் டைல்ஸ் தரை. டைல்ஸ் கடினமானதுதான், ஆனால் கண்ணாடியைக் குத்தும் முனை அதில் கிடையாது, பவுச்சின் ஓரம் முதலில் தரையைத் தொட்டுவிடுகிறது. வீட்டுக்குள் புழங்கும் பிள்ளைக்கு நல்ல ஓரமுள்ள பவுச் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பிள்ளைகளின் போனில் நாங்கள் அதிகம் பார்ப்பது வேறு வகை உடைப்பு. புத்தகப் பைக்குள் காம்பஸ் முனையும் டிபன் பாக்ஸ் விளிம்பும் திரையை ஒரே புள்ளியில் அழுத்த, மேலே நான்கு நோட்டுகளின் பாரம் இருக்கும். எல்சிடியானால் கறுப்புக் கசிவு, அமோலெட்டானால் ஊதா நிறக் கறை அல்லது பச்சைக் கோடு. கண்ணாடி சில சமயம் முழுசாகவே இருக்கும். இதற்கு எந்தக் கண்ணாடியின் பெயரும் உதவாது. டியூஷனுக்கு எடுத்துப்போகும்போது பையின் முன்னறையில் தனியாக வைக்கச் சொன்னோம். அங்கேயும் அடியில் மணல் இருந்தால் உதறிவிட வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சட்டைப்பையைப் பற்றி முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எட்டு ஒன்பது விழுதலில் பெரும்பகுதி குனியும்போது நடந்தது, அதற்குத் தேவை கண்ணாடியல்ல, கயிறு. இப்போது பவுச்சின் அடியில் கயிறு கோக்கும் தகடு வைத்து, கழுத்தில் மாட்டும் பட்டை போட்டுக் கொடுத்திருக்கிறோம். சாரத்தில் ஏறும்போது கழுத்துக் கயிறு கம்பியில் சிக்கும் ஆபத்து உண்டு, ஆகவே இழுத்தால் கழன்றுகொள்ளும் கொக்கி உள்ள பட்டையாகத்தான் தேர்ந்தெடுத்தோம். செப்டம்பருக்குப்பின் விழுந்தது ஒரே முறை.

டெம்பர் கிளாஸில் விளிம்பு வரை முழுப் பசை உள்ளதைக் கொடுத்திருக்க வேண்டும். நூறு ரூபாய் டெம்பரில் ஓரம் தூக்கியதால்தான் மணல் நுழைந்தது, அந்தக் கீறலில்தான் விரிசலும் தொடங்கியது. அறுபது ரூபாய் கூடுதல் விலைக்கு அவர் தயங்கியிருக்க மாட்டார். திரையை வெயிலில் பார்க்காமல் வெளிவேலைக்காரருக்குப் போன் சொல்வதையும் நிறுத்திவிட்டோம். வாசலுக்குக் கொண்டுபோய் உச்சிவெயிலில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

எங்கள் மேசையில் மாறியது ஒன்று. உலோகச் சட்டமுள்ள எந்தப் போனுக்கும் இப்போது பசை போடுவதற்கு முன் திரையை வெறுமனே வைத்துப் பார்க்கிறோம். நான்கு மூலையிலும் ஒரே கனமுள்ள தாள் துண்டு ஒன்றுபோல நுழைய வேண்டும். ஒரு மூலையில் இறுகினால் திரையை எடுத்துவிட்டு, சட்டத்தை நிமிர்த்தியோ அரத்தால் மெல்ல ராவியோ மறுபடி வைத்துப் பார்க்கிறோம். பத்து நிமிட வேலை. 2023 பிப்ரவரியில் அதைச் செய்திருந்தால் அவரிடம் அந்த 3,200 ரூபாய் வாங்கியிருக்க மாட்டோம்.